மண்டபம் நிறைந்திருக்கும்போது முதல் பதினைந்து நிமிடம்: ஆட்சேர்ப்பு நாளில் முதன்முறை மைக் பிடிப்பவர்களுக்கு

ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் ஆளணிப் பிரிவில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் மேலாளர் வந்து, "வாற சனிக்கிழமை நகர மண்டபத்தில திறந்த நேர்முகத்தேர்வு, வரவேற்புரை நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படித் திடீரென மைக் கைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் உரையில் நிறுவனத்தின் வரலாறு, விருதுகள், ஏற்றுமதியாகும் நாடுகள் என்று நாற்பது நிமிடம் திரையில் படம் காட்டினேன். முடித்துவிட்டு "கேள்வி இருக்கா?" என்றேன். மண்டபம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா மட்டும் எழுந்து, "எங்கட பஸ் மூணரைக்குப் போயிரும் சேர், எங்கள எப்ப கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கதிரையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். இந்த வேலை எனக்குச் சரிவருமா? இன்றைக்கு என்னை எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள்? இந்த இரண்டுக்கும் பதினைந்து நிமிடத்துக்குள் நேர்மையாகப் பதில் சொல்வதுதான் வரவேற்புரை. தையல் இயந்திரம் இயக்குநர் வேலைக்கான தேர்வு ஒன்றை உதாரணமாக வைத்து, அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

மைக்குக்கு முன்னால் வாசல்

அன்று காலை ஏழரைக்கே வாசலில் போய் நில்லுங்கள். பதிவு மேசையில் வருபவரின் பெயரோடு, எந்த ஊர், எந்த பஸ்ஸில் வந்தார், திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. வாகரையில் இருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். படுவான்கரைப் பக்கம் என்றால் கொக்கட்டிச்சோலை ஆட்கள் மண்முனைப் பாலத்தால் வந்துவிடுவார்கள். இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு நாளில் ஓடுகிற பஸ்களே சில. மண்டூர்ப் பக்கத்தார் குருமண்வெளித் துறையில் பாதைப் படகு ஏறியும் வருவார்கள். இவர்கள் எல்லாரும் விடியற்காலை எழும்பிப் புறப்பட்டவர்கள். ஆரையம்பதியில் இருந்தோ காத்தான்குடியில் இருந்தோ ஓட்டோவில் வந்தவருக்கு ஐந்து மணி ஆனாலும் பிரச்சினை இல்லை.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இதைப் போடாமல் மேடை ஏறினால் நீங்கள் சொல்லும் எந்த நேரமும் பொய்யாகிவிடும்.

எங்கள் தேர்வு ஒன்றில் 250 பேரை எதிர்பார்த்தோம். ஒன்பது மணிக்குப் பதிவேட்டில் 430 பெயர். நேர்முக மேசை ஆறு. ஒருவருக்குக் கைத்திறன் சோதனையும் பேச்சும் சேர்ந்து எட்டு நிமிடம் எடுக்கும் என்று முன்பே ஒத்திகை பார்த்திருந்தோம். ஒன்பதே முக்காலில் தொடங்கி, பகல் முக்கால் மணித்தியாலம் சாப்பாட்டுக்கு விட்டு, மூன்றரைக்கு முடித்தால் கையில் இருப்பது ஐந்து மணித்தியாலம், அதாவது 300 நிமிடம். ஒரு மேசையில் 37 பேர், ஆறு மேசையிலும் 222 பேர். இடையில் ஒருவர் அழுவார், ஒரு மேசையில் படிவம் தீர்ந்துபோகும். ஆகவே 200 என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி.

430 பேரில் 200 பேரைத்தான் இன்று பார்க்க முடியும் என்ற செய்தி கூட்டத்துக்குக் காலை ஒன்பதரைக்குத் தெரிய வேண்டும். மாலை நாலு மணிக்குத் தெரிந்தால் வாசலில் சண்டை வரும். அந்தச் சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

முதல் இரண்டு நிமிடம்

"வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். எங்கள் மண்டபத்தில் மூன்றுக்கும் ஆட்கள் இருப்பார்கள். அம்பாறை நகரத்துப் பக்கம் நடத்தினால் சிங்களத்தில் பேச ஒருவரைத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். அரைகுறையாக நீங்களே மொழிபெயர்த்தால், சம்பளக் கணக்கில்தான் முதலில் தவறு வரும்.

அடுத்தது உங்கள் பெயர், பொறுப்பு. உடனே குடிதண்ணீர் எங்கே, பெண்கள் மலசலகூடம் எங்கே, குழந்தையோடு வந்தவர் எங்கே இருக்கலாம் என்பது. இதைக் கடைசியில் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் எங்கே என்று தேடுகிறவர் நீங்கள் சொல்லும் வேறு எதையும் கேட்க மாட்டார்.

அதன்பின் மூன்று வாக்கியம். இவற்றை நான் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் வாசிப்பேன்:

"இந்த வேலைக்கு யாரிடமும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், வாங்கித் தருகிறேன் என்று யாராவது கேட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டையையோ சான்றிதழையோ நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம், பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே தருவோம். யாரிடமாவது சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்திருந்தால் அதைப் பையிலேயே வையுங்கள், மேசையில் அதைப் பார்க்க மாட்டார்கள்."

மூன்றாவதைச் சொல்லும்போது மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழும். சிலர் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கடிதம் இல்லாமல் வந்தவர்கள் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: மேலிடத்தில் அப்படி ஒரு கடிதத்துக்கு ஏற்கெனவே தலையாட்டியிருந்தால் இந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். முதல் நாளே மேலாளரிடம் நேராகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வேலையின் கடினமான பக்கம் முதலில்

புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நல்லதை எல்லாம் சொல்லிவிட்டு, கடினமானதைப் பயிற்சியின் முதல் வாரத்தில் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அதன் விலை பிறகு தெரியும். இருபது பேரை எடுத்து, சீருடை கொடுத்து, பயிற்சி இயந்திரத்தில் உட்கார வைத்த பிறகு, இரண்டாவது வாரம் ஒன்பது பேர் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு குழுவில் வேலையை விட்டு நின்றவர்களின் வீடுகளுக்கு நானே போன் எடுத்துக் கேட்டேன். பாதிப் பேர் சொன்ன காரணம், "பஸ் காலமை அஞ்சேகாலுக்கு வரும் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல" என்பதுதான்.

ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: காலையில் உங்கள் சந்திக்கு ஸ்டாஃப் பஸ் வரும் நேரம் இது, மாலையில் வீட்டு வாசலில் இறங்கும் நேரம் இது. ஊர் ஊராகப் பெயர் சொல்லி வாசியுங்கள். பஸ் போகாத ஊர்களையும் அதேபோல் பெயர் சொல்லி வாசியுங்கள். நாள் முழுக்க இயந்திரத்தின் முன் இருந்தே வேலை. வேலைத்தளம் முழுக்க இரைச்சல். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று இலக்கு உண்டு. மேற்பார்வையாளர் அதை எல்லாரும் பார்க்கும் பலகையில் எழுதுவார். போனை உள்ளே கொண்டுபோக முடியாது. சனிக்கிழமை வேலை உண்டா, இல்லையா என்பதையும் மூடி மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். "இது எனக்குச் சரிவராது என்று நினைப்பவர்கள் பின்கதவால் போகலாம். இலக்கத் துண்டைக் கதவில் நிற்கும் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், பஸ் காசு தருவார்." பின்கதவு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்கதவால் போனால் முழு மண்டபமும் பார்க்கும். நம் ஊரில் அந்தப் பார்வைக்குப் பயந்தே மாலை வரை இருந்துவிட்டுப் போவார்கள். பஸ் காசு பெரிய செலவாகத் தெரியலாம். விலகிப்போகும் ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக் கெட்ட செலவோடு ஒப்பிட்டுக் காட்டினால் கணக்காளரே ஒத்துக்கொள்வார். அந்த 430 பேரில் இந்த இடைவேளையில் ஏறத்தாழ அறுபது பேர் எழும்பிப் போனார்கள். எனக்கு அப்போது வயிற்றைக் கலக்கியது. மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த முறை எடுத்தவர்களில் இரண்டாவது வாரம் வேலையை விட்டு நின்றவர்கள் மூன்றே பேர்.

சம்பளத்தைப் பலகையில் எழுதுங்கள்

நம் விளம்பரங்களில் ஒரு சொல் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்: "வரை". "மாதம் 50,000 ரூபா வரை சம்பாதிக்கலாம்" என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். மேலதிக நேரம், வருகைக் கொடுப்பனவு, உற்பத்தி ஊக்குவிப்பு எல்லாம் முழுதாகக் கிடைக்கும் ஒரு மாதத்தின் தொகை அது. வீட்டில் அம்மாவிடம் 50,000 என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளை மண்டபத்துக்கு வந்திருக்கும். ஆகவே வெண்பலகையில், பெரிய எழுத்தில், மேலதிக நேரம் ஒரு மணித்தியாலமும் இல்லாத மாதத்தின் கணக்கை எழுதுங்கள். எண்கள் உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ப மாறும். எழுதும் முறை இதுதான்:

அடிப்படைச் சம்பளம்: 32,000
ஊழியர் சேமலாப நிதிக் கழிவு, 8 வீதம்: 2,560
மீதி: 29,440
வருகைக் கொடுப்பனவு: 4,000
பகல் சாப்பாட்டுக் கழிவு: 1,500
கைக்கு வருவது: 31,940

இதை எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியம் பேசினால் போதும். வருகைக் கொடுப்பனவு எத்தனை நாள் தவறினால் வெட்டுப்படும் என்பதைச் சொல்லுங்கள். 4,000 வெட்டுப்பட்டால் கைக்கு வருவது 27,940 என்று அதன் கீழேயே இன்னொரு வரி எழுதுங்கள். சேமலாப நிதிக்கு நிறுவனம் தன் பங்காக 12 வீதம் போடுகிறது, நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் போடுகிறது. இந்த இரண்டும் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டப்படுவதில்லை, அவருடைய மாதக் கைக்காசும் இல்லை. சிலர் இவற்றையும் கூட்டிச் சம்பளம் என்று மேடையில் சொல்வார்கள். முதல் சம்பளத் துண்டு கைக்கு வரும் நாளில் அந்த ஏமாற்று வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

2026 ஜனவரி முதல் நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. கூட்டத்தில் படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். பலகையில் இருக்கும் 29,440 என்பதைப் பார்த்து, "முப்பதுக்குக் கீழ வருதே சேர்?" என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் பார்க்கப்படுவது கழிவுக்கு முந்திய தொகையில் என்று அடிப்படைச் சம்பள வரியைக் காட்டுங்கள். கழிந்த 2,560 அவருடைய பெயரிலேயே சேர்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

மேலதிக நேரத்தைப் பற்றி நான் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை: "ஓடர் இருக்கும் மாதத்தில் உண்டு, இல்லாத மாதத்தில் இல்லை, அதை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்."

பத்திரங்களும் சோதனையும்

பத்திரத்தில் சுருக்கமாகப் போய்விடலாம். இன்று அடையாள அட்டை மட்டும் போதும். கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் தெரிவானவர்கள்தான் எடுக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்து சொல்லுங்கள். விதானையாரிடம் போய், அப்புறம் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குவது என்பது தூர ஊரவர்களுக்கு ஒரு நாள் வேலை. தெரிவாகுமா என்று தெரியாத 430 பேரையும் அதற்கு அலைய வைப்பது அநியாயம். பதினெட்டு நிறையாதவர்களை உங்கள் நிறுவனம் எடுப்பதில்லை என்றால் அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். தகப்பன்மார் பதினேழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்; மேசைக்கு வந்தபின் திருப்பி அனுப்பினால் பிள்ளை அவமானப்படும்.

சோதனைக்குத்தான் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். "டெஸ்ட்" என்று கேட்டதும் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாதவர்களுக்கு முகம் வாடிவிடும். அங்கே நடப்பது என்ன என்று காட்டிவிட்டால் பயம் போய்விடும். ஒன்று, துளையுள்ள பலகையில் சின்னக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகுவது, நேரம் பார்ப்பார்கள். இரண்டு, வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணை வாசிப்பது. நூலின் நிறம் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று அறிய. மூன்று, நூல் கோர்க்காத இயந்திரத்தில் கோடு போட்ட தாளை ஓட்டி, ஊசித் துளை கோட்டின் மேலேயே விழுகிறதா என்று பார்ப்பது. பலகையை மேடையிலேயே தூக்கிக் காட்டுங்கள். முன்வரிசையில் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். நான் ஒருமுறை நானே செய்து காட்டினேன். குச்சி மூன்று கீழே விழுந்தது. கூட்டம் சிரித்தது, அதற்குப் பிறகு மேசையில் கை நடுங்கியவர்கள் குறைவு.

கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே சோதனைக்கு வரலாம் என்று தனியாகச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டால் எடுக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அதை நம்பிப் பைக்குள் மறைத்து வைத்துவிட்டு, கோடு தெரியாமல் தவறவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

யாரை எப்போது கூப்பிடுவோம்

இப்போது காலையில் போட்ட கணக்கு மேடைக்கு வரும். அறுபது பேர் போய்விட்டார்கள், மீதி 370. பார்க்க முடிந்தது 200. மிச்சம் 170 பேருக்கு என்ன செய்வது?

வந்த வரிசைப்படி எடுப்பதுதான் நீதி என்று நாமும் நினைப்போம், அவர்களும் நினைப்பார்கள். ஆனால் வரிசையில் முதலில் நிற்பது பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்தான். வாகரை ஆள் ஒன்பது மணிக்கு வந்து முந்நூறாவது இலக்கம் எடுத்திருப்பார். அவரை ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொன்னால் வரமாட்டார், இரண்டாவது நாள் பஸ் காசு அவரிடம் இருக்காது. ஆகவே நான் இப்படி அறிவிப்பேன்: "தூர ஊர்க்காரரையும் கைக்குழந்தையோடு வந்தவரையும் இன்று முதலில் பார்க்கிறோம். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களில் 170 பேருக்கு நாளைக்கு நேரம் எழுதிய துண்டு தருகிறோம். நாளைக்கு அந்த நேரத்துக்கு வந்தால் போதும், வரிசையில் நிற்க வேண்டாம்." கொஞ்சம் முணுமுணுப்பு வரும். காரணத்தைச் சொன்னதும் பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனென்றால் பக்கத்துக் கதிரையில் இருக்கும் வாகரைப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னை இன்று பாருங்கள் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

இன்று பார்க்கப்படுபவர்களையும் நாற்பது நாற்பதாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் நேரம் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒன்றரை மணிக் குழு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். தேர்வு வெள்ளிக்கிழமை வைக்க நேர்ந்தால் பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் யாரையும் போடாதீர்கள். ஏறாவூர், ஓட்டமாவடி, சம்மாந்துறை ஆண்பிள்ளைகள் ஜும்மாவுக்குப் போவார்கள்.

கேள்வியைத் தாளில் வாங்குங்கள்

"கேள்வி இருந்தால் கை தூக்குங்கள்" என்றால் நான்கு ஆண்கள் பேசுவார்கள். மண்டபத்தில் முக்கால்வாசி பெண்கள். ஆகவே சிறு துண்டுத் தாள்களை முன்பே கொடுத்து, பெயர் எழுதாமல் கேள்வி எழுதச் சொல்லி, ஒரு பெண் ஊழியர் வரிசை வரிசையாகப் போய் வாங்கி வரட்டும். எழுதச் சிரமப்படுபவர் அவர் காதில் சொல்லலாம்.

தாளில் வரும் கேள்விகள் வருடாவருடம் அதே மூன்றுதான், பதிலை முன்பே மேலாளரோடு பேசி வையுங்கள். கலியாணம் கட்டினால் வேலை போகுமா? போகாது, பிரசவ லீவு 84 வேலை நாட்கள் சட்டத்தில் இருக்கிறது, மேசையில் யாராவது "கர்ப்பமா" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், என்னிடம் வந்து சொல்லுங்கள். ஹிஜாப் போடலாமா, தொழ நேரம் கிடைக்குமா? இதற்கு நிறுவனத்தின் உண்மையான நடைமுறையைச் சொல்லுங்கள். தலைத் துணியின் நுனியைச் சட்டைக்குள் செருக வேண்டும், தளர்ந்த சட்டைக் கை இயந்திரப் பட்டியில் சிக்கும் என்பது பாதுகாப்பு விஷயம். அதை அப்படியே சொன்னால் யாரும் தவறாக எடுப்பதில்லை. மூன்றாவது, "போடிங் இருக்கா, அங்க ஆர் பொறுப்பு?" என்பது. இது பிள்ளை கேட்கும் கேள்வி இல்லை, வெளியே மரத்தடியில் நிற்கும் தாய் தகப்பன் கேட்கச் சொன்னது. ஆகவே பதிலை வெளியே இருக்கும் ஒலிபெருக்கியிலும் கேட்கும்படி சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் இடையில் நினைவுக்கு வருகிறது. மேடையில் நின்று கூட்டத்தைப் படமெடுத்து உடனே பேஸ்புக்கில் போடும் பழக்கம் நம் ஆட்களுக்கு இருக்கிறது. கூட்டத்தில் சிலர் வேறு தொழிற்சாலையில் "காய்ச்சல்" என்று லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். அந்தப் படத்தால் இருக்கிற வேலையும் போகலாம். படம் எடுக்க வேண்டுமானால் முன்பே சொல்லி, விருப்பமில்லாதவர் நகர்ந்து நிற்க நேரம் கொடுங்கள். அல்லது மேடைப் பதாகையை மட்டும் எடுங்கள்.

முடிவு எப்போது என்று திகதி சொல்லுங்கள்

"நாங்கள் கோல் எடுப்போம்" என்பதை என் உரையில் இருந்து நீக்கிப் பல காலம் ஆகிறது. அதை நம்பி மூன்று மாதம் வேறு எங்கும் போகாமல் இருந்த ஒரு தம்பியைப் பிறகு சந்தையில் கண்டேன். இப்போது சொல்வது: "வரும் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் எல்லாருக்கும் குறுஞ்செய்தி வரும். தெரிவானாலும் வரும், தெரிவாகாவிட்டாலும் வரும். வெள்ளி இரவு வரை வரவில்லை என்றால் பிழை எங்களுடையது, இந்த இலக்கத்துக்கு எடுங்கள்." இலக்கம் இலக்கத் துண்டின் பின்பக்கத்திலேயே அச்சடிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வெள்ளியும் சனியும் அந்தப் போனைத் தூக்குவதற்கு ஒருவரைப் பெயர் குறித்து வையுங்கள்.

உரை முடிந்ததும் மைக்கைக் கட்டி வைத்துவிடாதீர்கள். பத்தே முக்கால் அளவில் பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கத்து பஸ்களில் இன்னும் ஐம்பது அறுபது பேர் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நான்கு நிமிடத்தில் ஒரு சுருக்கம் சொல்ல வேண்டும்: காசு கொடுக்க வேண்டாம், பஸ் நேரம், பலகையில் உள்ள கணக்கு, இன்றா நாளையா. பலகையை அதற்காகவே அழிக்காமல் வைத்திருங்கள். மின்சாரம் போனால் கையில் பிடிக்கும் பற்றரி ஒலிபெருக்கி ஒன்று மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பற்றரி போட்டு, முதல் நாளே ஒருமுறை அழுத்திப் பார்த்து.